மணிக்கூட்டின் டிக்கும் இன்வேர்ட்டரின் கூவலும்

கேள்வி: "அம்மாவுக்கு 68 வயது, கிராமத்தில் அப்பாவோடு இருக்கிறா. போன மாதம் சோலார் இன்வேர்ட்டர் ஒன்று பூட்டிக் கொடுத்தோம். அதில் லைட் மினுக்கினாலும் சத்தம் வந்தாலும் பயந்துபோய் போன் எடுக்கிறா. எந்த லைட்டுக்கு என்ன அர்த்தம், எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்று அவவுக்கு விளங்குகிற மாதிரி எப்படிச் சொல்லிக் கொடுப்பது?"

நான் சோலார் வேலை செய்கிறவன், களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். இதை மண்டூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் கதையாகவே சொல்கிறேன். எனக்கு ஆண்டு இரண்டில் எழுத்துச் சொல்லித் தந்தவர். தன் இன்வேர்ட்டரைப் படிக்க அவர் கண்டுபிடித்த வழியைத்தான் இப்போது நான் போகிற வீடுகளில் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் காசு அனுப்பி, 3 கே.வி.ஏ. இன்வேர்ட்டர் ஒன்றை நான் பூட்டிக் கொடுத்தேன். 2400 வாட் வரை தாங்கும், 24 வோல்ட்டில் ஓடும். இன்வேர்ட்டர் புதியது. பற்றரிகள் பழையவை: 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் பற்றரி இரண்டு, மூன்று வருடம் பாவித்தவை. அவை இன்னும் ஓடும் என்று மகன் சொன்னார், நானும் சரி என்றேன். வீட்டில் ஐயாவுக்கு இழுப்பு இருக்கிறது. இரவில் முட்டினால் நெபுலைசர் பிடிக்க வேண்டும். அது பத்து நிமிடம் ஓடக் கொஞ்சக் கறண்ட்தான் செலவாகும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் கறண்ட் இருந்தே ஆக வேண்டும்.

குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு வாவியைப் பாதையில் கடந்துதான் போவேன். வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப் போகும் மிதவை. இரவு பதினொரு மணிக்கு இன்வேர்ட்டர் கூவினால் நான் போக வழியில்லை. அதனால் ரீச்சர் தானே படித்தாக வேண்டியிருந்தது.

முதல் போன் பூட்டிய அன்று மாலையே வந்தது. "மகன், பச்சை லைட் மினுக்கிக்கொண்டே இருக்கு. கறண்ட் இருக்கே, மறுகா ஏன் மினுக்குது?"

அந்த மெஷினின் முகத்தில் மூன்று லைட். இடப்பக்கம் AC/INV என்று பச்சை, நடுவில் CHG என்று இன்னொரு பச்சை, வலப்பக்கம் FAULT என்று சிவப்பு. AC/INV நின்று எரிந்தால் வீடு மின்சார சபையின் கறண்டில் ஓடுகிறது. மினுக்கினால் சோலாரிலோ பற்றரியிலோ ஓடுகிறது. சோலாருக்கு முதலிடம் கொடுத்து நான் செட் பண்ணியிருந்தேன், அதனால் வெளிக் கறண்ட் இருக்கும்போதும் அது மினுக்கும். பழுதே இல்லை. CHG இதற்கு வேறு விதம். மினுக்கினால் பற்றரி சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது, நின்று எரிந்தால் நிரம்பிவிட்டது. சிவப்பு மினுக்கினால் எச்சரிக்கை, வீட்டில் கறண்ட் இன்னும் ஓடுகிறது, நமக்கு அவகாசம் இருக்கிறது. சிவப்பு நின்று எரிந்து, கூவலும் இடைவெளி இல்லாமல் ஒரே இழுவையாகக் கேட்டால் மெஷின் கறண்டை நிறுத்திவிட்டது.

இவ்வளவையும் போனில் ஒரே மூச்சில் சொன்னேன். ரீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது அரவு மாதிரி மகன்" என்றார். "கானாவுக்குப் பின்னால் அரவு போட்டால் கா. அதே அரவு, முன்னால் ஒரு கொம்பும் இருந்தால் கொ. அரவை மட்டும் பார்த்து வாசிக்கிற பிள்ளை பிழைவிடும். மினுக்கலை மட்டும் பார்த்து நான் பயந்தது அப்படித்தான். எந்த லைட் மினுக்குது என்று முதலில் பார்க்கவேணும்."

பத்து வருடமாக இந்த வேலை செய்கிறேன், இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உங்கள் அம்மாவுக்கும் முதலில் இதையே சொல்லுங்கள். மினுக்கினாலே ஆபத்து என்ற எண்ணம் போகாதவரை மற்றது எதுவும் மனதில் ஏறாது.

சத்தம் பிறகு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோயிலுக்குப் போகும் அவசரம். வெளிக் கறண்ட் இல்லை. தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ரீச்சர் குசினியில் கறண்ட் கேத்தலைப் போட்டுவிட்டார். உடனே படபடவென்று கூவத் தொடங்கி, சிவப்பு மினுக்கி, திரையில் 07 வந்து, அவர் கிட்டே போவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது.

கணக்குச் சின்னதுதான். அந்தக் கேத்தல் 1800 வாட். ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1000 வாட் இழுக்கும். கூட்டினால் 2800, மெஷின் தாங்குவது 2400. நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடிவிட்டால் அந்த மெஷின் பத்து நொடிதான் பொறுக்கும். ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் ஐந்து நொடி. பிறகு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடும். அந்தப் பத்து நொடிக்குள் கேத்தலின் சுவிட்சைத் தட்டினால் போதும். மெஷின் இருக்கும் விறாந்தைக்கு ஓடத் தேவையில்லை.

ஆனால் குசினியில் நிற்கிறவருக்குத் திரையில் வரும் 07 தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். அடுத்த முறை போனபோது எல்லாச் சத்தத்தையும் விளக்கினேன். பாரம் கூடினால் அரை நொடிக்கு ஒரு கூவல், பற்றரி இறங்கினால் நொடிக்கு ஒரு கூவல் என்றேன். "அரை நொடி எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சுவரைப் பார்த்தார். பழைய மணிக்கூடு டிக், டிக் என்று போய்க்கொண்டிருந்தது.

"ஒரு டிக்குக்கு ஒரு கூவல் என்றால் பற்றரி. ஒரு டிக்குக்கு இரண்டு கூவல் என்றால் பாரம். சரியா மகன்?"

மிகச் சரி. அன்றே மோட்டாரையும் கேத்தலையும் சேர்த்துப் போட்டுக் கேட்டோம். அவர் மேசையில் விரலால் தாளம் போட்டார். இரண்டு தட்டு, ஒரு டிக். ஏழு நொடியில் போய்க் கேத்தலை அணைத்தார், கூவல் நின்றது. இப்படி ஒரு தடவை தெரிந்துகொண்டே செய்து கேட்க வைப்பது, பத்துத் தடவை சொல்வதை விடப் பயன். இரண்டு சாமானை ஒன்றாகப் போட்டு, எச்சரிக்கை கேட்டதும் ஒன்றை அணைப்பதால் மெஷினுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அந்த நேரம் கொம்பியூட்டர் மாதிரி எதுவும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது.

இடையில் ஒரு பிழை நடந்தது. விடுமுறைக்கு வந்த பேரன், அம்மம்மாவின் நித்திரை குழம்புகிறதே என்று, ENTER பொத்தானை மூன்று நொடி அமத்திப் பிடித்து அமைப்புக்குள் போய், 18ஆம் இலக்கத்தை bOF ஆக்கிவிட்டான். அது கூவலை அடியோடு நிறுத்தும் அமைப்பு. அன்பில் செய்த வேலை, பிள்ளையில் குற்றமில்லை. நான்கு நாள் கழித்து இரவில் பற்றரி இறங்கியது. சத்தம் வரவில்லை. சிவப்பு மட்டும் யாரும் பார்க்காத விறாந்தையில் மினுக்கியிருக்கும். விடிய இரண்டு மணிக்கு ஐயாவுக்கு இழுப்பு வந்து ரீச்சர் எழும்பினால் வீடு முழுக்க இருட்டு. ஃபேனைப் போட்டாலும் இல்லை, நெபுலைசரைப் போட்டாலும் இல்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐயா தப்பினார்.

பற்றரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கி மெஷின் நின்றுவிட்டால், பாரத்தையெல்லாம் கழற்றினாலும் உடனே திரும்பி வராது. வெயிலோ வெளிக் கறண்டோ வந்து வோல்ட் ஏற வேண்டும். அந்த வீட்டில் பாரம் குறைவாக இருக்கும்போது 22.0 வோல்ட்டில் எச்சரிக்கை தொடங்கும், 21.0 இல் நிற்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள நேரம்தான் நம் கையில் இருப்பது. அதில் ஃபிரிட்ஜையும் ஒரு ஃபேனையும் கழற்றினால், மிச்சம் இருக்கிற கறண்ட் நெபுலைசருக்குப் போதும். கூவலை நிறுத்தினால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. நான் போய் 18ஐத் திரும்ப bON ஆக்கினேன். உங்கள் அம்மாவுக்குச் சத்தம் தொந்தரவு என்றால் 22ஆம் இலக்கத்தைப் பாருங்கள். முதன்மை மின்மூலம் போய்வரும்போது மட்டும் கேட்கிற கூவல் அது. அதை AOF ஆக்கலாம். 18இல் கை வைக்க வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் ரீச்சர் கொப்பி போட்டார். சதுரறூள் கொப்பி, பள்ளிக்கூடத்து வரவு இடாப்பு மாதிரியே கோடு கீறி: திகதி, மாலை ஆறு மணிக்கு CHG எப்படி, கறண்ட் எத்தனை மணிக்குப் போனது, கூவல் எத்தனை மணிக்கு, எந்தத் தாளம். CHG மினுக்கினால் ‘மி’, நின்று எரிந்தால் ‘நி’, இரண்டும் இல்லையென்றால் ஒரு கோடு.

கார்த்திகை மாத மழை அப்போது. எங்கள் பக்கத்தில் வருடத்து மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான் கொட்டும். தென்னோலை விழுந்து கம்பி அறுவதும் அப்போதுதான். மூன்று வாரம் எழுதிவிட்டு ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். "கொப்பியைப் பார் மகன். இரவில் பற்றரித் தாளம் வந்த நாள் ஐந்து. ஐந்து நாளும் மாலையில் ‘மி’. ‘நி’ போட்ட எந்த நாளிலும் கூவவில்லை."

நான் சொல்லிக் கொடுக்காத பாடம் அது. இரவு பதினொன்றரைக்குக் கூவப்போவதை, சத்தமே போடாத நடு லைட் மாலை ஆறு மணிக்கே சொல்லிவிடுகிறது. வெயில் போகும் நேரத்திலும் CHG மினுக்கிக்கொண்டிருந்தால் பற்றரி நிரம்பாமலே இரவுக்குள் போகிறது. அந்தப் பற்றரிகள் புதிதாக இருந்தபோது 24 வோல்ட்டில் 150 ஆம்பியர் மணி, அதாவது 3600 வாட் மணி. ஈயப் பற்றரி நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்றால் பாதியோடு நிறுத்துவது நல்லது. ஆகவே 1800. ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், ஒரு லைட், இன்வேர்ட்டர் தனக்கென்று தின்பது எல்லாம் சேர்த்து மணிக்கு 250 என்று வையுங்கள். நிரம்பியிருந்தால் ஏழு மணி நேரம். அரைகுறையாக இருந்தால் நடுச்சாமத்துக்கு முன்பே கூவும்.

அன்றிலிருந்து ஆறு மணிக்கு ‘மி’ என்றால் ரீச்சர் ஃபிரிட்ஜைக் கழற்றிவிடுவார், திறக்காமல் வைத்திருந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். மழை மாதங்களுக்கு நான் 16ஆம் இலக்கத்தை SNU ஆக்கினேன். வெயில் போதாத நாளில் வெளிக் கறண்டும் சேர்ந்து பற்றரியை நிரப்பும். பிறகு ‘மி’ நாட்கள் குறைந்தன.

தைக்குப் பிறகு வெயில் வந்தது. நான் இனிப் போன் வராது என்று நினைத்தேன். மாசியில் ஒரு நாள் காலை கூப்பிட்டார், குரலே வேறாக இருந்தது. "கொப்பி பொய் சொல்லுது மகன். நேற்று காலை பத்து மணிக்கே CHG ‘நி’. முந்தநாளும் அப்படித்தான். ஆனால் இரவு ஏழு மணிக்குக் கறண்ட் போனது, எட்டரைக்கே பற்றரித் தாளம். ஃபிரிட்ஜும் கழட்டித்தான் இருந்தது."

அன்றே பாதை ஏறினேன். கொப்பி பொய் சொல்லவில்லை. கெதியாக நிரம்பிக் கெதியாக இறங்கும் பற்றரி கொள்ளளவை இழந்த பற்றரி. பெரிய குடத்தில் பாதிக்கு மண் நிறைந்துவிட்டால் தண்ணீரும் கெதியாக நிரம்பும், ஊற்றினாலும் கெதியாகத் தீரும்.

ஃபேனையும் ஃபிரிட்ஜையும் ஓடவிட்டு, ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியே மீற்றரால் பார்த்தேன். ஒன்று 12.2 வோல்ட். மற்றது 9.8. கூட்டினால் 22.0, சரியாக எச்சரிக்கை தொடங்கும் இடம். மெஷின் பார்ப்பது கூட்டுத்தொகையை மட்டும், எந்தப் பற்றரி விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ரீச்சருக்கு அதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. "வகுப்புச் சராசரி குறைஞ்சிருக்கு, எந்தப் பிள்ளை படிக்கவில்லை என்று இடாப்பைப் பார்த்தால்தான் தெரியும்" என்றார்.

மூடியைத் திறந்தேன். ஒரு பற்றரியில் மிதவைக் குச்சிகள் எல்லாம் பச்சையில். மற்றதில் இரண்டு குச்சி சிவப்புக்கும் கீழே. தகடுகளின் மேல்முனை தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. காய்ந்த பகுதி வேலை செய்யாது, அதன் மேல் சல்பேற் இறுகிவிடும். சார்ஜ் ஆகும்போது அந்தப் பற்றரியின் வோல்ட் பொய்யாகக் கெதியில் ஏறும், கூட்டுத்தொகையும் ஏறும், மெஷின் நிரம்பிவிட்டது என்று நம்பி CHG லைட்டை நிற்க விடும். காலை பத்து மணி ‘நி’ அப்படி வந்ததுதான். தண்ணீர் பார்க்க வேண்டும் என்று பூட்டிய அன்று வாயால் சொன்னேனே தவிர, அந்தக் குச்சியைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது என் தவறு.

கடையில் பற்றரித் தண்ணீர் என்று கேட்டு வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் விட்டோம். கிணற்றுத் தண்ணீர் விடக் கூடாது, அதில் உள்ள உப்பும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும். அசிட்டும் விடக் கூடாது, குறைவது தண்ணீர் மட்டும்தான். தகடு வெளியே தெரிந்தால் முதலில் தகடு மூழ்கும் அளவு மட்டும் விட்டு, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அதன் பிறகுதான் பச்சைக்கோடு வரை விட வேண்டும். முதலிலேயே நிறைத்தால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும். மூடி திறந்திருக்கும்போது கிட்டே விளக்கு, கற்பூரம், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். வெளியே வருவது பற்றக்கூடிய வாயு.

இரண்டு வாரத்தில் அந்தப் பற்றரி கொஞ்சம் தேறியது, ஆனால் பழையபடி வரவில்லை. இரவு எட்டரைக் கூவல் பத்தேகாலுக்குப் போனது, அவ்வளவுதான். பிறகு மகன் இரண்டையும் மாற்றினார். ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். தொடராகக் கட்டியதில் பழசும் புதுசும் சேர்ந்தால் இரண்டும் ஒரே அளவில் சார்ஜ் ஆகாது, புதியதும் கெதியாகக் கெட்டுவிடும்.

இப்போது ரீச்சரின் கொப்பியில் ஒரு நிரல் கூட இருக்கிறது. மாதம் முதலாம் திகதி, பன்னிரண்டு குச்சி, பன்னிரண்டு பெட்டி. பச்சை என்றால் சரி.

உங்கள் அம்மாவின் மெஷினில் லைட்டின் பெயர், இடம், கூவலின் வேகம், அமைப்பு இலக்கம் வேறாக இருக்கலாம். நான் சொன்னது மண்டூர் வீட்டு மெஷினின் கணக்கு. லித்தியம் பற்றரி என்றால் தண்ணீர்க் கதையே இல்லை, வோல்ட் அளவுகளும் மாறும். அதனால் மெஷினோடு வந்த கையேட்டில் லைட் அட்டவணை இருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து இங்கே போடுங்கள். பற்றரி எந்த வகை, எத்தனை, எந்த வருடம் வாங்கியது என்பதையும் எழுதுங்கள். அம்மாவிடம் இன்றிலிருந்து ஒன்று மட்டும் கேளுங்கள்: மாலை ஆறு மணிக்கு சார்ஜ் லைட் ‘மி’யா, ‘நி’யா? பத்து நாள் குறித்ததும் அதையும் அனுப்புங்கள்.